பொருள்: மண்ணுக்குள் குழாய் புதைத்துக் காற்றைக் குளிர்விப்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

கோத்தகிரியிலிருந்து, காளான் குடில் கட்டுபவர்

அனைவருக்கும் வணக்கம். மொட்டுக்காளான் வளர்ப்போருக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். காளான் மூச்சுவிடுவதால் குடிலுக்குள் கரியமிலவாயு ஏறிக்கொண்டே போகும். நாள் முழுக்க வெளிக்காற்று உள்ளே போயாக வேண்டும். காய்ப்புக் காலத்தில் குடில் 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏப்ரல் நண்பகலில் எங்கள் ஊரிலேயே காற்று 26 டிகிரி. அந்தக் காற்றை மண்ணுக்குள் புதைத்த குழாய் வழியாக இழுத்து, சூட்டைக் குறைத்து உள்ளே விடப்போகிறேன். மணிக்கு 300 கனமீட்டர் காற்று, 20 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய். "மண்குளிர்க் குழாய்" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. சொல்லோடு நீளமும் ஆழமும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழனியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, நிலத்தடியில் போகும் வழிக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: சுருங்கை. நீர் போகும் கரந்த கால்வாய்க்கும், கோட்டைக்குள் நுழையும் மறைவழிக்கும் இலக்கியத்தில் வருவது. காற்று போனால் "வளிச்சுருங்கை". சுரங்கம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நிலக்கரி நினைவுக்கு வரும்.

உதகையிலிருந்து, ஒப்பந்தக்காரர்

சொல்லைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் கொத்தனார்கள் காத்துக் குழாய் என்பார்கள். ஆழம் பற்றிச் சொல்கிறேன். குர்கான் பக்கம் குவால் பஹாரியில் டெரி நிறுவனத்தின் கட்டடத்தில் 4 மீட்டர் ஆழத்தில் புதைத்திருக்கிறார்கள். கிணறு ஆழமானால் தண்ணீர் குளிர்வது போலத்தான் இதுவும். 4 மீட்டருக்குக் குறையாமல் தோண்டுங்கள்.

கோவையிலிருந்து, காற்றோட்டப் பொறியாளர்

உதகை நண்பர் சொல்லும் 4 மீட்டர் குர்கானுக்குச் சரி, நீலகிரிக்குப் பொருந்தாது. ஆழமாகப் போவது குளிரைத் தேடி அல்ல, மாறாத வெப்பநிலையைத் தேடி. பகல், இரவு ஏற்ற இறக்கம் அரை மீட்டர் மண்ணிலேயே அடங்கிவிடும். கோடை, குளிர்கால ஏற்ற இறக்கம்தான் ஆழம்வரை இறங்கும். டெல்லிப் பக்கம் மாதச் சராசரி ஆண்டுச் சராசரியிலிருந்து மேலும் கீழும் பத்து டிகிரி போல ஆடும். அதனால் 4 மீட்டர் தேவைப்படுகிறது. மலையில் மூன்று டிகிரி ஆடினால் அதிகம். சாதாரண ஈரமண்ணில் 2 மீட்டரில் அந்த மூன்று ஏறத்தாழ 1.3 ஆகும், 3 மீட்டரில் 0.9. ஒரு மீட்டர் கூடுதலாகத் தோண்டிக் கிடைப்பது அரை டிகிரிகூட இல்லை. அதோடு 2 மீட்டரில் மண்ணின் வெப்பநிலை காற்றைவிட ஒன்றரை மாதம் பின்தங்கி வரும். ஏப்ரல் கடைசியில் உங்கள் குழாயைச் சுற்றி மார்ச் மாதத்து மண் இருக்கும். இது நமக்கு ஆதாயம்.

சரிவில் 4 மீட்டர் வெட்டுவது எனக்கு அச்சமாகவே இருக்கிறது. 2009 நவம்பரில் மலை சரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். 2 மீட்டரே போதும், அதையும் மழைக்கு முன்பே வெட்டி மூடிவிடுங்கள்.

நீளத்துக்கு மண்ணின் வெப்பநிலை தெரிய வேண்டும். 18 டிகிரி என்று வைத்துக்கொள்கிறேன், அளந்து பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு இதுதான்:

```
T_out = T_soil + (T_in - T_soil) * exp(-U*pi*D*L / (m*c))
```

மலையில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் உங்கள் 300 கனமீட்டர் ஒரு டிகிரி குறைய மண் ஏறத்தாழ 81 வாட் வெப்பத்தை வாங்கினால் போதும், `m*c` அதுதான். காற்றிலிருந்து குழாய்ச் சுவர் வழியாக மண்ணுக்கு வெப்பம் கடக்கும் எளிமைக்கு, `U`, 6 வைத்தேன். 20 மீட்டர் குழாயில் 26 டிகிரிக் காற்று 21.2 ஆகும், 40 மீட்டரில் 19.2, 60 மீட்டரில் 18.5. முதல் இருபது மீட்டர் ஏறக்குறைய ஐந்து டிகிரி இறக்குகிறது, கடைசி இருபது முக்கால் டிகிரிதான். 40-இல் நிறுத்துங்கள். எவ்வளவு நீட்டினாலும் 18-க்குக் கீழே போகாது, ஆகவே ஏசி வேண்டாம் என்று கையேட்டில் எழுதிவிடாதீர்கள். குடில் 17-இல் இருக்க வேண்டுமென்றால், குழாய் இல்லாமல் வெளிக்காற்றுக்காக மட்டும் 730 வாட் குளிர்விக்க வேண்டும். 40 மீட்டர் குழாய் இருந்தால் 180.

இனி சொல். ஜனவரி இரவில் வெளியே 8 டிகிரி இருக்கும்போது இதே குழாய் 15-க்கு மேல் சூடாக்கித் தரும். "குளிர்" என்ற சொல்லைப் பெயரில் வைத்தால் அந்த மாதங்களில் பெயர் பொய்யாகிவிடும். ஏசியைக் காற்றுப்பதனி என்கிறோமே, அந்த வழியில் "மண்பதனக் குழாய்" என்பது என் பரிந்துரை.

பண்ணைக்காட்டிலிருந்து, காபி விவசாயி

மண்பதக் குழாய் நானும் போட்டிருக்கிறேன், சொட்டுநீருக்கு. மண்ணின் ஈரப்பதம் பார்த்துத் தண்ணீர் விடுவது. அதற்கு ஏன் இத்தனை ஆழம்?

கோவையிலிருந்து

அது வேறு ஐயா. இங்கே குழாய்க்குள் காற்று மட்டும்தான்.

பண்ணைக்காட்டிலிருந்து

சரி, இப்போது புரிந்தது. அப்படியானால் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். காபிக்கொட்டை அறைக்கு இதே போல ஒன்று செய்தேன், மிச்சம் கிடந்த நெளிகுழாயில், சமமட்டமாக. முதல் கோடையில் நன்றாக இருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு காலையில் விசிறி போட்டதும் ஊறிப்போன சாக்கு வாடை வரும், பத்து நிமிடத்தில் போய்விடும். பகலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் கயிற்றில் வெள்ளைத் துணி கட்டிக் குழாய்க்குள் இழுத்தேன். மறுமுனையில் துணி கறுத்து, சொட்டச் சொட்ட வந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் தண்ணீர் நின்றிருக்கிறது.

கோவையிலிருந்து

மழைக்காலத்தில் 21 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று 18 டிகிரிச் சுவரைத் தொட்டால் வியர்க்கத்தான் செய்யும். உள்பக்கம் வழவழப்பான குழாய், நூறு மீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர் சரிவு, தாழ்ந்த முனையில் நீர் வடியத் திறந்து பார்க்கும்படி ஒரு தொட்டி. காளானுக்குப் பச்சைப்பூஞ்சை வந்தால் ஒரு காய்ப்பே போய்விடும், அதனால் குழாய் முடியும் இடத்தில் வடிகட்டி கட்டாயம். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன்: பண்ணைக்காட்டு ஐயா ஈரப்பதம் என்று படித்தது என் சொல்லின் குறை. விவசாயிக்கான கையேட்டில் அது நிற்காது.

பழனியிலிருந்து

அப்படியானால் சுருங்கையே இருக்கட்டுமே?

உதகையிலிருந்து

ஐயா, கொத்தனாரிடம் அதைச் சொன்னால் சுருங்கிப்போன குழாய் என்று நினைத்துச் சிறிய அளவில் வாங்கி வருவார். ஆழம் 2 மீட்டர் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், எனக்கும் வெட்டுக்கூலி மிச்சம். ஆனால் 3 மீட்டரில் நீர் கசியும் இடமாக இருந்தால் வெப்பம் வேகமாகப் போகும் இல்லையா?

கோத்தகிரியிலிருந்து

எங்கள் இடத்தில் 3 மீட்டர்வரை கசிவு இல்லை, உலர்ந்த செம்மண். உலர்மண்ணில் `U` 6-ஐவிடக் குறையும் என்று நினைக்கிறேன், கோவை அண்ணா பார்த்துச் சொல்ல வேண்டும். தலைப்பில் "வளிச்சுருங்கை" என்றும், உள்ளே ஒவ்வொரு இடத்திலும் "மண்வழிக் காற்றுக்குழாய்" என்றும் இப்போதைக்கு எழுதுகிறேன். இரண்டில் ஒன்றை அச்சுக்குப் போகும் முன் முடிவு செய்வோம். நேற்று 2 மீட்டர் துளை போட்டு, கயிற்றில் வெப்பமானியைக் கட்டி இறக்கி, வாயைச் சாக்கால் அடைத்திருக்கிறேன். திங்கட்கிழமை எடுத்துப் பார்த்து அளவை எழுதுகிறேன்.