கலைச்சொல் வேண்டுகோள்: கேம் கணக்கின் 'ரீஜன்', 'வாலட்'

சிவகாமி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவி வைத்திருப்பவர்களுக்காக ஓர் உதவிக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். டோக்கியோவிலிருந்து டொரொன்டோவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் கேட்டதால் தொடங்கிய வேலை. கணக்கின் நாடு ஜப்பான். அதைக் கனடாவாக மாற்றப் போனால் தளம் மறுக்கிறது. கணக்கில் 730 யென் மீதி இருக்கிறது. 'ரீஜன்' என்பதற்கு வட்டாரம், 'வாலட்' என்பதற்குப் பணப்பை என்று போட்டிருக்கிறேன். இரண்டிலும் எனக்குத் திருப்தி இல்லை.

ரமணன் எழுதியது:
அக்கா, நாடு எப்ப வேணுமெண்டாலும் மாத்தலாம்தானே. நின்டெண்டோ கணக்குப் பக்கத்திலை போய் மாத்தினாச் சரி. வாங்கின கேம் ஒண்டும் போகாது, திரும்ப இறக்கலாம். அந்த யென் தானா டொலரா மாறிடும். பணப்பை நல்ல சொல்தான், எங்கட மகனுக்கும் விளங்கும்.

வேலுச்சாமி எழுதியது:
பழைய டிவிடி தட்டுகளில் இருந்த வட்டாரப் பூட்டைத்தானே கேட்கிறீர்கள்? அதற்கு 'வட்டாரம்' நன்றாகவே பொருந்துகிறது. மாற்ற வேண்டியதில்லை.

இன்பா எழுதியது:
ஐயா, இது தட்டுப் பூட்டு இல்லை. ஸ்விட்சில் பெரும்பாலும் எந்த நாட்டில் வாங்கிய கேம் கார்டும் ஓடும். இங்கே கேள்வி, இந்தக் கணக்கு ஈஷாப் என்ற நின்டெண்டோ இணையக் கடையில் எந்த நாட்டுக் கடைக்குள் நுழையும், எந்த நாணயத்தில் விலை காட்டும் என்பது. அதனால் 'கடைநாடு' என்று சொல்லிப் பார்க்கிறேன்.

ரமணன் சொன்னதில் பாதி சரி. நாட்டை மாற்றலாம், வாங்கியவை போகாது. ஆனால் யென் டாலராக மாறாது. மீதியைத் தீர்த்தால்தான் தளம் விடும். 1,000 யென் முன்கட்டண அட்டை ஒன்றைச் சேர்த்தால் 1,730. அதற்குள் ஏதோ ஒன்றை வாங்கினால் மறுபடி ஒரு சில்லறை நிற்கும். தள்ளுபடியில் 1,230க்கு ஒன்று, 500க்கு ஒன்று என்று கூட்டல் சரியாக விழும்படி பார்த்து வாங்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் வேறு கதை: மைக்ரோசாஃப்ட் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்ற விடும், மீதிப் பணம் புது நாட்டுக்கு வராது.

இதனால்தான் 'பணப்பை' இடிக்கிறது. பணப்பையை நாம் போகுமிடமெல்லாம் கொண்டுபோகலாம். இந்தப் பணம் அந்தக் கடையிலேயே கிடக்கும். 'கடை இருப்பு' எனலாமா?

சிவகாமி, அவர்களிடம் இருப்பது எந்த ஸ்விட்ச்?

வேலுச்சாமி எழுதியது:
பூட்டு அல்ல என்று புரிந்தது. ஆனால் 'கடைநாடு' என்றால் கடைக்குட்டி, கடைநிலை போலக் கடைசி நாடு என்றும் படிப்பார்கள். அங்காடி நாடு என்று பிரித்தே எழுதலாம். 'கடை இருப்பு' அதைவிட மோசம். எந்த மளிகைக்காரரும் அதைச் சரக்கு இருப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். முன்பணம் என்றால் என்ன?

சிவகாமி எழுதியது:
அவர்களிடம் இருப்பது ஜப்பானில் வாங்கிய ஸ்விட்ச் 2. வாங்கியபோது விலை 49,980 யென் என்றார்கள். அமைப்புகளில் ஜப்பானிய மொழி தவிர வேறு எதுவும் இல்லையாம்.

இன்பா எழுதியது:
அப்படியானால் நாட்டை மாற்றச் சொல்லாதீர்கள்! அது ஜப்பானுக்கு மட்டும் விற்கும் வகை. பல மொழி வகை 2025இல் வெளிவந்தபோது அங்கேயே 69,980 யென். மலிவு வகையோடு இணைக்க, கணக்கின் நாடு ஜப்பானாகவே இருக்க வேண்டும். புதிதாகக் கனடாக் கணக்கு தொடங்கினாலும் அதில் இணையாது. பழைய ஸ்விட்ச் என்றால் அந்தத் தடை இல்லை. ஒரே கருவியில் ஜப்பான் கணக்கு ஒன்று, கனடா கணக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே அந்த 730 யென்னைத் தீர்க்கவே வேண்டாம், அங்கேயே செலவழிக்கட்டும். ஒரு சிக்கல்: 2025 மார்ச் 25 முதல் ஜப்பான் ஈஷாப் வெளிநாட்டில் வழங்கிய கடன் அட்டைகளை ஏற்பதில்லை, வெளிநாட்டில் தொடங்கிய பேபால் கணக்குகளையும் ஏற்பதில்லை. கனடா வங்கி அட்டை உதவாது. யென் முன்கட்டண அட்டை எண்தான் வழி.

ரமணன் எழுதியது:
அதுதான் விஷயமா! மகனுக்கு அமெரிக்க டொலர் அட்டை ஒண்டு ஒன்லைனிலை வாங்கிக் குடுத்தன். கனடாக் கணக்கிலை போட்டா எண் பிழை எண்டு வருது. வித்தவன் ஏமாத்திப்போட்டான் எண்டு சண்டை பிடிச்சனான்.

இன்பா எழுதியது:
எண்ணில் பிழை இருக்காது, அட்டையின் நாடும் கணக்கின் நாடும் பொருந்தவில்லை. எண்ணைப் பார்த்துவிட்ட அட்டையை மாற்றி வாங்குவது கடினம். அமெரிக்கக் கணக்கு வைத்திருக்கும் உறவினர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வேலுச்சாமி ஐயா, முன்பணம் பொருத்தம்தான். கடைக்காரரிடம் முன்னதாகக் கொடுத்து வைத்த பணம். ஆனால் முன்பணம் என்றால் குறிப்பிட்ட ஒரு பொருளுக்குக் கொடுத்தது, கேட்டால் திரும்பும் என்றும் தோன்றுகிறது. இது திரும்பாது.

சிவகாமி எழுதியது:
'அங்காடி நாடு' எனக்குச் சரி, அதையே போடுகிறேன். மற்றதற்கு இப்போதைக்கு 'அங்காடி முன்பணம்'. வரைவு வரி இது: "அங்காடி நாட்டை மாற்றும் முன் உங்கள் கருவி எந்த வகை என்று பாருங்கள். அங்காடி முன்பணம் மீதி இருந்தால் மாற்ற இயலாது."

ரமணன் எழுதியது:
அக்கா, முன்பணம் எண்டா மகன் 'எதுக்கு அட்வான்ஸ்' எண்டு கேக்கிறான். காசு மீதி எண்டே போடுங்கோவன்.