ஒரே விவசாயி, ஒரே கோளாறு, நாலு டிக்கெட் – வாட்ஸ்அப் பாட்டை எப்படி ஒரே கேஸில் சேர்க்க வைப்பது?

சொட்டுநீர்_கிருஷ்ணகிரி எழுதியது:

வணக்கம். கிருஷ்ணகிரியில் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. சப்போர்ட்டில் நான், ஒரு டெலிகாலர் பொண்ணு, வெளியில் போக மூணு டெக்னீஷியன். ஹெல்ப்டெஸ்க் ஸம்மாட், சொந்த சர்வரில் ஓடுது. வாட்ஸ்அப்பில் ஒரு பாட் இருக்கு. விவசாயி மெசேஜ் போட்டால் அது டிக்கெட் திறக்கும்.

பிரச்சினை இதுதான். பர்கூர் பக்கம் ஒருத்தர், ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு. ஜூன் 3 அன்னைக்கு "கடைசி வரிசைக்குத் தண்ணி போகல"ன்னு வாட்ஸ்அப். டெக்னீஷியன் போய் டிஸ்க் ஃபில்டரைக் கழுவி விட்டு 5-ஆம் தேதி டிக்கெட்டை மூடினார். 12-ஆம் தேதி அவர் வீட்டம்மா தன் போனிலிருந்து கூப்பிட்டாங்க, "பிரஷரே இல்ல"ன்னு. டெலிகாலர் புது டிக்கெட் போட்டார். மறுபடி ஃபில்டர் கழுவல், 14-ஆம் தேதி மூடல். 21-ஆம் தேதி பெங்களூரில் வேலை செய்யும் மகன் படத்தோட மெயில் அனுப்பினார். ரெண்டு டிரிப்பர் மாத்தி 24-ஆம் தேதி மூடினோம். ஜூலை 1 அன்னைக்கு அவரே வாய்ஸ் நோட் போட்டார். பாட் என்ன சொல்லுச்சு தெரியுமா? "வணக்கம்! உங்கள் புதிய புகார் பதிவு செய்யப்பட்டது." மனுஷன் நேரா கடைக்கே வந்துட்டார். நியாயமான கோபம்.

பாட்டில் ஒரு செஷன் 24 மணி நேரம்தான். அதுக்கப்புறம் என்ன வந்தாலும் புது டிக்கெட். வாரக்கணக்கில் வர்றதை ஒரே கேஸா எப்படிக் கோர்க்கிறது?

பாலக்கோடு_நெட்வொர்க் பதில்:

இதுக்கு எதுக்குங்க இவ்வளவு யோசனை. போன் நம்பரை வச்சுத் தேடுங்க. அதே நம்பரில் 30 நாளுக்குள்ள வந்தா பழைய டிக்கெட், இல்லன்னா புதுசு. ஆனா நம்பரை முதல்ல ஒரே மாதிரி ஆக்குங்க. வாட்ஸ்அப்பில் 91-னு ஆரம்பிச்சு வரும், டெலிகாலர் 0 போட்டு அடிப்பாங்க. கடைசி 10 இலக்கத்தை மட்டும் எடுத்து ஒப்பிடுங்க. வேலை முடிஞ்சது.

சொட்டுநீர்_கிருஷ்ணகிரி:

10 இலக்க விஷயம் சரிங்க, எங்ககிட்ட அந்தக் குளறுபடி இருக்கு. ஆனா உங்க 30 நாள் விதி மாதிரியே ஒண்ணை மே மாசம் 15 நாள்னு வச்சுப் பார்த்தோம். ராயக்கோட்டையில் மோட்டார் வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன் ஒருத்தர், ஆறு தக்காளிக்காரங்களுக்காக ஒரே போனிலிருந்து புகார் போடுவார். ஆறும் ஒரே டிக்கெட்டில் போய் உட்கார்ந்துருச்சு. ஒருத்தர் மானிய ஃபைல் பத்தின பதில் இன்னொருத்தர் தோட்டத்து வேலைக்குக் கீழே கிடக்கு. அதைப் பிரிக்க ரெண்டு நாள் ஆச்சு. பர்கூர் கேஸில் பாருங்க, மூணு பேர், மூணு வழி. நம்பர் விதி அங்கே அவரோட முதல் டிக்கெட்டையும் கடைசி டிக்கெட்டையும் மட்டும்தான் சேர்த்திருக்கும், நடுவில் ரெண்டும் தனியாத்தான் கிடக்கும்.

தொப்பூர்_கணேஷ்:

எங்களுக்கும் இதேதான் சார். ஒரே மெசேஜ், ரெண்டு டிக்கெட். ஒரு செகண்ட் வித்தியாசம்கூட இல்ல. பாட்காரன் கிட்ட கேட்டா வாட்ஸ்அப் மேல பழி போடறான்.

ஓசூர்_உஷா:

கணேஷ் தம்பி, உங்களோடது வேற. பதில் கிடைக்க லேட் ஆனா வெப்ஹுக் அதே மெசேஜை மறுபடி அனுப்பும். ஒவ்வொரு மெசேஜுக்கும் `wamid`-னு ஆரம்பிக்கிற ஐடி இருக்கும். அதைச் சேமிச்சு வச்சு, ரெண்டாவது தடவை வந்தா விட்டுடச் சொல்லுங்க. தனி இழை போட்டீங்கன்னா விரிவா பேசலாம்.

கிருஷ்ணகிரி சார், உங்களுக்கு வருவோம். எட்டு வருஷமா ஹெல்ப்டெஸ்க்தான் பார்க்கிறேன். கேஸை ஆளோடயோ நம்பரோடயோ கட்டாதீங்க, பொருளோட கட்டுங்க. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஜாப் கார்டு நம்பர் வச்சிருப்பீங்க இல்லையா? அதுதான் உங்க சாவி. அப்பா, அம்மா, மகன் யார் பேசினாலும் தோட்டம் ஒண்ணுதானே.

ஸம்மாட்டில் `Objects` பகுதிக்குப் போய் டிக்கெட்டுக்கு `job_card`-னு ஒரு ஃபீல்டு சேருங்க. சேர்த்ததும் டேட்டாபேஸ் அப்டேட் கேட்கும், ரீஸ்டார்ட்டும் வேணும், அதனால ராத்திரி செய்யுங்க. கார்டு நம்பரை நடுவில் கோடு இல்லாம `KD0417` மாதிரி வைங்க. கோடு இருந்தா தேடலில் ரெண்டு துண்டா உடைஞ்சு வேண்டாததெல்லாம் வரும்.

அடுத்து, எந்த நம்பர் எந்தக் கார்டுகளுக்குப் பேசலாம்னு பாட் பக்கத்தில் ஒரு டேபிள். ஒரு நம்பருக்குப் பல கார்டு இருக்கலாம், ஒரு கார்டுக்குப் பல நம்பர் இருக்கலாம். எலக்ட்ரீஷியன் மெசேஜ் போட்டா பாட் ஆறு தோட்டத்தையும் ஊர்ப் பேரோட காட்டி "எந்தத் தோட்டம்?"னு கேட்கணும். தெரியாத நம்பர்னா கார்டு நம்பர் கேட்கட்டும். சொல்லத் தெரியலன்னா புது டிக்கெட் திறந்து மனுஷன் பார்வைக்குத் தள்ளட்டும். பாட் ஊகிக்கவே கூடாது. கார்டு தெரிஞ்சதும் டிக்கெட் திறக்கிறதுக்கு முன்னாடி இதை ஓட்டணும்:

```
GET /api/v1/tickets/search?query=job_card:KD0417 AND NOT state.name:merged
```

இடைவெளிகளை என்கோட் பண்ணி அனுப்புங்க. பழைய டிக்கெட் கிடைச்சா, பாட் விவசாயியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கணும்: "ஜூன் 3-இல் சொன்ன கடைசி வரிசைத் தண்ணீர்ப் பிரச்சினைதானா, வேறயா?" ரெண்டு பட்டன் போதும். பட்டன் எழுத்து 20-க்குள்ள இருக்கணும், "பழைய பிரச்சினைதான்" அடங்கும். அவர் அதை அழுத்தினா:

```
PUT /api/v1/tickets/2231
{
  "state": "open",
  "article": {
    "body": "மறுபடி தண்ணீர் போகவில்லை",
    "type": "note",
    "sender": "Customer",
    "internal": false
  }
}
```

`state` வரியை மறந்துடாதீங்க. மெயிலில் பதில் வந்தா ஸம்மாட் தானே திறந்துக்கும். ஏபிஐ வழியா போட்டா நீங்கதான் திறக்கணும், இல்லன்னா மூடின டிக்கெட்டுக்குள்ள மெசேஜ் சத்தமில்லாம கிடக்கும்.

சொட்டுநீர்_கிருஷ்ணகிரி:

அக்கா, ரொம்ப நன்றி. டெஸ்ட் சர்வரில் போட்டுப் பார்த்தேன், ஓடுது. ஆனா ஒரு சிக்கல். எங்க ஆளுங்க ஒரு விஷயத்தை ஒரே மெசேஜில் சொல்ல மாட்டாங்க. முதல்ல படம், அடுத்த நொடி வாய்ஸ் நோட், அப்புறம் "சார்"னு ஒரு வார்த்தை. மூணுக்கும் மூணு டிக்கெட் வருது. தேடினா "இல்ல"ன்னு சொல்லுது, ஆனா கண்ணு முன்னாடி டிக்கெட் இருக்கு.

ஓசூர்_உஷா:

அது தேடல் இன்டெக்ஸ் வேலை. டிக்கெட் உடனே டேட்டாபேஸில் ஏறிடும், இன்டெக்ஸுக்குப் பின்னணியில் கொஞ்சம் கழிச்சுதான் போகும். அந்த இடைவெளியில் தேடினா காலிதான் வரும். அதனால பாட் திறந்த டிக்கெட் ஐடியைத் தன் டேபிளிலேயே கார்டுக்கு எதிரே எழுதி வைக்கட்டும். முதல்ல அங்கே பார்க்கணும், இல்லன்னாதான் தேடல். ஒரே கார்டுக்கு வர்ற மெசேஜ்களை ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா வரிசையில் விடச் சொல்லுங்க. ஒரே சமயத்தில் ஓடினா டேபிள் இருந்தும் பயனில்ல.

பாலக்கோடு_நெட்வொர்க்:

சரி, நம்பர் விதி பத்தாதுன்னு ஒத்துக்கறேன். ஆனா பழைய குப்பை? ஏற்கெனவே இருக்கிற நாலு டிக்கெட்டையும் மெர்ஜ் பண்ணிட்டா ஆச்சே.

ஓசூர்_உஷா:

பண்ணலாம், ஆனா அவசரப்படாதீங்க. மெர்ஜைத் திருப்பிப் போட பட்டன் கிடையாது. தப்பா சேர்த்தா ஒவ்வொரு மெசேஜா `Split` பண்ணிப் புது டிக்கெட் ஆக்கணும், அப்பவும் மூலம் பழைய இடத்திலேயே இருக்கும். எலக்ட்ரீஷியன் விஷயத்தில் சார் ரெண்டு நாள் பட்டது அதுதான்னு நினைக்கிறேன். முதல்ல `Links` வழியா தொடர்பு மட்டும் போடுங்க. ஒருத்தர் நாலையும் படிச்சு, ஒரே கோளாறுதான்னு உறுதியானதும் மெர்ஜ். மகனோட மெயில் மாதிரி வர்றதுக்கும் இதேதான். அவர் பழைய மெயிலுக்குப் பதில் போடல, டிக்கெட் நம்பரும் அவருக்குத் தெரியாது, ஸம்மாட் எதை வச்சுச் சேர்க்கும்? மெயில் குறைவுதானே, கையாலேயே செய்யுங்க.

சொட்டுநீர்_கிருஷ்ணகிரி:

நாலையும் ஒண்ணா வச்சுப் படிச்சேன். மூடின தேதிக்கும் அடுத்த புகாருக்கும் நடுவில் 5-லிருந்து 12, 14-லிருந்து 21, 24-லிருந்து ஜூலை 1. மூணு தடவையும் சரியா ஏழு நாள்! தனித்தனியா பார்த்தவரைக்கும் யாருக்கும் இது கண்ணில் படல. நாங்க ஏதாவது செய்தா ஒரு வாரம் தாங்குது, அப்புறம் அடைக்குது.

மகன் அனுப்பின படத்தில் டிரிப்பர் வாயில் வெள்ளைப் படிவு. போர்வெல் உப்புத் தண்ணி. கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பை ஃபில்டர் பிடிக்காது, டிரிப்பரில் வந்துதான் படியும். ஆசிட் விட்டு லைனைச் சுத்தம் பண்ண வேண்டிய கேஸ் இது, நாங்க மூணு தடவை வண்டி எடுத்துட்டுப் போய் சில்லறை வேலை பார்த்துட்டு வந்திருக்கோம். அந்தப் படம் மூணாவது டிக்கெட்டில் தனியா கிடந்துச்சு, டெக்னீஷியன் பார்க்கவே இல்ல.

ரெண்டு சந்தேகம் பாக்கி. மூடி எத்தனை நாள் வரைக்கும் பழையதைத் திறக்கலாம்? அப்புறம், எங்க டெக்னீஷியன்களுக்கு மூடின டிக்கெட் கணக்கில்தான் படி. பழையதையே திறந்தா ரெண்டாவது தடவை போனதுக்குக் காசு இல்லைங்கிறாங்க. முதலாளி வேற, "புகார் குறைஞ்சிருச்சே"ன்னு ரிப்போர்ட்டைப் பார்த்து சந்தோஷப்படறார். குறையல, சேர்ந்திருக்கு.

ஓசூர்_உஷா:

நாள் கணக்கை நான் சொல்லக் கூடாது, உங்க பழைய டிக்கெட்தான் சொல்லணும். ஒரு 50 கார்டை எடுத்து, மூடினதுக்கும் அடுத்த புகாருக்கும் இருக்கிற இடைவெளியை எழுதிப் பாருங்க. இந்த ஏழு நாள் ஒரு தோட்டம்தான். கோடையில் தண்ணி ஓட்டம் மாறும்போது வேற மாதிரி வரலாம். அந்த எல்லையைத் தாண்டி வந்தா புது டிக்கெட் திறந்து பழையதோட லிங்க் மட்டும் போடுங்க.

படி விஷயம்... சாஃப்ட்வேரில் தீராது சார். விசிட்டுக்கு தனி ஃபீல்டு வச்சு எண்ணலாம். ஆனா விசிட்டுக்குக் காசுன்னா ஏழு நாளுக்கு ஒருதடவை ஃபில்டர் கழுவத்தான் ஆள் வரும்.

தொப்பூர்_கணேஷ்:

எங்க கடையில் மாசச் சம்பளம். அப்பவும் யாரும் படத்தைத் திறந்து பார்க்கிறதில்ல.

சொட்டுநீர்_கிருஷ்ணகிரி:

வெள்ளிக்கிழமை ஆசிட் வேலைக்கு ஆள் போறாங்க. அது முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு `KD0417` என்ன சொல்லுதுன்னு இங்கேயே எழுதறேன். பர்கூர்க்காரர் வீட்டம்மா நம்பரையும் மகன் மெயிலையும் கார்டில் சேர்த்தாச்சு. எலக்ட்ரீஷியனுக்குத் தோட்டப் பட்டியல் காட்டற வேலையை மட்டும் பாட்காரர் அடுத்த மாசம்னு தள்ளறார். அதுவரைக்கும் அந்த ஒரு நம்பரை நேரா டெலிகாலருக்குத் திருப்பி விட்டிருக்கேன்.

ஓசூர்_உஷா:

அது நல்ல யோசனை, நானே சொல்லியிருக்கணும்.

பாலக்கோடு_நெட்வொர்க்:

அந்த எலக்ட்ரீஷியன் போனை மாத்திட்டா?