ஏசுற மனேஜருக்கிட்ட நேர கதைக்கலாமா?

வாவிக்கரைப் பிள்ளை:
மட்டக்களப்பில ஒரு தொண்டு நிறுவனத்தில பீல்ட் ஒபிசரா ரெண்டு வருஷம். எங்கட மனேஜர் வேலை தெரிஞ்ச மனுசன்தான், ஆனா றிப்போர்ட் குடுக்கிற நாள நினைச்ச நேரம் மாத்துவார், இரவு 9 மணிக்கு வட்ஸ்அப்பில "காலையில வேணும்" எண்டு வரும். போன மாசம் வாகரையில மாதர் சங்கக் கூட்டத்தில பொம்பளையளுக்கு முன்னாலயே எனக்கு ஏசினவர். இத அவருக்கிட்ட எப்பிடிச் சொல்ற? வேலையும் கெடக்கூடா, முகமும் முறியக்கூடா.

அக்கரைப்பற்று நானா:
தங்கச்சி, மேலிடத்துக்கு மட்டும் எழுதிராதீங்க. நான் அரச கந்தோர்ல இருக்கக்குள்ள எங்கட பெரியவரப் பத்தி மேல ஒரு கடிதம் போட்டன், ரெண்டு கிழமையில அந்தக் கடிதமே "அவதானிப்புக்காக" எண்டு அவர்ர மேசைக்கே வந்து சேந்திற்று. என்னக் கூப்பிட்டு அதக் கையில வச்சிக்கிட்டே தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். அண்டையில இருந்து ட்ரான்ஸ்பர் வரும்வரைக்கும் லீவுக்கு ஒரு கையெழுத்து எடுக்க மூணு நாள் நடந்தன். ட்ரான்ஸ்பர் கேளுங்க, அதுதான் வழி.

கல்லடிப் பாலம்:
நானா, பிள்ளை ட்ரான்ஸ்பரும் கேக்கல்ல மேல எழுதவும் கேக்கல்ல, அந்த மனுசனுக்கிட்டயே எப்பிடிச் சொல்ற எண்டுதான் கேக்குது. ஆனா எனக்கு அதுவும் சரியாப்படல்ல. ஏசுறவருக்குத் தான் ஏசுறது தெரியாமலா இருக்கு? சொன்னா "இவவுக்கு வாய் கூடிற்று" எண்டுதான் எடுப்பார். வருஷத்துக்கு ஒருக்கா பேர் போடாத போர்ம் தருவாங்கதானே, அதில எழுதுங்க.

பழைய கந்தோர்:
பேர் போடாத போர்ம் ஐநூறு பேர் வேலை செய்ற இடத்துக்குச் சரி. அஞ்சு பேர் இருக்கிற டீம்ல "வாகரைக் கூட்டத்தில" எண்டு எழுதினா அதுவே பேர்தான். நான் முந்தி மனேஜரா இருந்தவன், அந்த போர்ம் வந்தா முதல் அரை மணித்தியாலம் நான் செய்தது ஆர் எழுதினது எண்டு மோப்பம் பிடிச்சதுதான், வெக்கமாத்தான் இருக்கு சொல்ல.

நேர சொல்லலாம், ஆனா குணத்தப் பத்திச் சொல்லாம, நடந்த ஒரு நாளப் பத்திச் சொல்லுங்க. "நீங்க எப்பவும் கடைசி நேரத்தில கேக்கீங்க" எண்டா, அவர் முன்கூட்டிக் கேட்ட ஒரு நாளத் தேடிப் பிடிச்சிருவார், கதை அதோட முடிஞ்சிற்று. எந்தத் திகதி, எத்தின மணி, அதால வேலையில என்ன பிழைச்சது எண்டு சொன்னா மறுக்க ஏலா. கடைசியா லேட்டா கேட்டது எப்ப, அதில என்ன நடந்தது?

வாவிக்கரைப் பிள்ளை:
18ஆம் திகதி இரவு. கோழி வளர்ப்பு உதவிக்கு 42 பேர்ர லிஸ்ட். காலையில அனுப்பினன், அதில 11 பேர்ர அடையாள அட்டை நம்பர் பிழை, திருத்த ரெண்டு நாள் போச்சு. பிழைக்கும் எனக்குத்தான் ஏச்சு.

தேத்தண்ணிக்கடை:
நல்லது ஒண்டு சொல்லி, நடுவில குறை சொல்லி, மறுகா நல்லது ஒண்டு சொல்லி முடிங்க. ட்ரெய்னிங்ல எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லித்தந்த.

பழைய கந்தோர்:
அது மேல இருக்கிறவர் கீழ சொல்லக்குள்ளயே பாதிதான் வேலை செய்யும். கீழ இருந்து சொன்னா முதல் புகழ்ச்சியிலயே "என்ன கேக்க வந்திருக்கா" எண்டு நினைப்பார், கடைசிப் புகழ்ச்சியில நடுவில சொன்னத மறந்திருவார். நன்றி சொல்லக் காரணம் இருந்தா அத வேறொரு நாள் தனியாச் சொல்லுங்க.

பிள்ளை, அந்த லிஸ்டையே எடுங்க. றிப்போர்ட் போன அடுத்த நாள், அவர் கொஞ்சம் ஆறுதலா இருக்கக்குள்ள, பத்து நிமிஷம் கேட்டு எடுங்க, என்ன விஷயம் எண்டும் முதல்லயே சொல்லுங்க, இல்லாட்டி ரிசைன் பண்ண வாறா எண்டு நினைப்பார். மறுகா இப்பிடி: "சேர், 18ஆம் திகதி இரவு 9 மணிக்கு மெசேஜ் வந்தது. சங்கத் தலைவிக்குக் கோல் எடுத்துப் பாக்க நேரமில்ல, 11 நம்பர் பிழைச்சிற்று. பின்னேரம் 3 மணிக்கு முதல் தெரிஞ்சா அண்டைக்கே சரிபாத்துத் தருவன். அது ஏலுமா?" அவ்வளவுதான். கேட்டுப்போட்டு வாய மூடிற்று இருக்கணும், அதுதான் கஷ்டம். பயத்தில நாமளே "பரவாயில்ல சேர்" எண்டு சொல்லி கேள்விய எடுத்திருவம்.

"எல்லாரும் சொல்றாங்க சேர்" எண்டு மட்டும் சொல்லிராதீங்க. அந்த நிமிஷமே அவர்ர மூளை றிப்போர்ட்ட விட்டுப்போட்டு ஆர் ஆர் எண்டு எண்ணத் தொடங்கிரும்.

கல்லடிப் பாலம்:
ஏசினத எங்க காணல்ல? அதுதானே பெரிய விஷயம். லிஸ்ட், நம்பர் எண்டு கதைச்சுக்கிட்டு இருந்தா ஏசினது இவவுக்கு ஓகே எண்டுதானே ஆகும். அத முதல் சொல்லணும்.

பழைய கந்தோர்:
ரெண்டையும் ஒரே நாளில கொட்டினா அவருக்குப் பாதுகாப்புக்கு நிக்கத்தான் தோணும். நாள் விஷயம் லேசானது, அத எப்பிடிக் கேக்கார் எண்டு பாத்தா அடுத்தது சொல்லலாமா எண்டு தெரியும்.

கல்லடிப் பாலம்:
அதுக்குள்ள இன்னொருக்கா ஏசினா?

வாவிக்கரைப் பிள்ளை:
ஒண்டு சொல்ல மறந்திற்றன். அண்டைக்குப் பிறகு அந்தச் சங்கத் தலைவி எனக்குக் கோல் எடுக்கிறதே இல்ல, எல்லாத்துக்கும் நேர சேருக்குத்தான் எடுக்கிறா. தீவனம் வந்ததா எண்டு கேக்கவும் அவருக்குத்தான்.

பழைய கந்தோர்:
அப்ப ஏசினதுக்கும் உங்கட கையில கதை இருக்கு! "எனக்கு மனம் நொந்தது" எண்டு சொன்னாலும் பிழையில்ல, ஆனா சில பேர் அதக் கேட்டா "இதுக்கெல்லாமா" எண்டிருவாங்க. தலைவி இப்ப தன்ர போனுக்கு எடுக்கிறது அவர்ர தலையிடி, அத இல்லையெண்ண ஏலா. பிழை இருந்தா கூட்டம் முடியத் தனியாச் சொல்லச் சொல்லிக் கேளுங்க. கல்லடி சொல்ற மாதிரி ரொம்ப நாள் தள்ளவும் வேணாம், சரிதான்.

இன்னொண்டு, இதெல்லாம் கோவக்கார மனேஜருக்கு. கை வைக்கிறது, அசிங்கமாக் கதைக்கிறது, காசில விளையாடுறது எண்டா அவருக்கிட்டப் போய்ப் பக்குவமாச் சொல்ற வேலையே இல்ல, திகதியோட எழுதி மேல குடுக்கணும்.

அக்கரைப்பற்று நானா:
எழுதினா மேசைக்குத் திரும்பி வரும் எண்டு நான் சொன்னது மறந்திராதீங்க.

வாவிக்கரைப் பிள்ளை (ஒன்பது நாளுக்குப் பிறகு):
கதைச்சன். நாள் விஷயத்தக் கேட்டுப்போட்டு அவர் சொன்னது, கொழும்பில இருந்து அவருக்கே பின்னேரம் 4 மணிக்குப் பிறகுதான் மெயில் வருதாம், அத வச்சிக்கிட்டு அவர் வீட்ட போய்ச் சாப்பிட்டுத்தான் எங்களுக்குப் போடுறாராம். இனி மெயில் வந்த உடனே அப்பிடியே அனுப்புறன் எண்டார், ரெண்டு தரம் அனுப்பியும் இருக்கார். "வேற ஆரும் இப்பிடிச் சொன்னவங்களா?" எண்டும் கேட்டவர். நான் என்ர விஷயம்தான் சேர் எண்டன்.

அதே மூச்சில தலைவி கதையையும் சொல்லிற்றன், தள்ளிப்போட மனம் வரல்ல. முகம் மாறிற்று. "நீங்க அண்டைக்குக் கோழிக்கூட்டுக் காச பிழையாச் சொன்னீங்கதானே" எண்டார். உண்மை, நான் பிழையாத்தான் சொன்னன். ஓம் சேர், அதத் தனியாச் சொல்லியிருந்தா நானே அவங்களுக்குத் திருத்திச் சொல்லியிருப்பன் எண்டன். அவர் ஒண்டும் சொல்லல்ல, போன எடுத்துப் பாக்கத் தொடங்கிற்றார்.

கல்லடிப் பாலம்:
அது மன்னிப்பும் இல்ல, ஒத்துக்கொண்டதும் இல்ல. முதல்ல அதச் சொல்லியிருந்தா...

பழைய கந்தோர்:
மன்னிப்பு வராது, அத எதிர்பாக்காதீங்க. அடுத்த கூட்டத்தில ஏதும் பிழை வந்து அவர் வாய அடக்கினா, அண்டைக்கே "சேர், தனியாச் சொன்னதுக்கு நன்றி" எண்டு ஒரு வரி மெசேஜ் போடுங்க.

வாவிக்கரைப் பிள்ளை:
வாகரைக் கூட்டம் 27ஆம் திகதி. தானும் வாறன் எண்டிருக்கார். கோழிக்கூட்டுக் காச இந்தமுற மூணு தரம் எண்ணிப் பாத்திற்றன்.