தள்ளுபடி போஸ்ட் மட்டுமே போட்டவர்கள், மாற்றிப் பார்த்த அனுபவம் சொல்லுங்கள்

மெத்தைக்காரன்: நானே ஆரம்பிக்கிறேன். மெத்தை செய்து விற்கிறேன். என் கடைசி 30 பதிவுகளை எண்ணிப் பார்த்தேன், 28 தள்ளுபடி, 2 பண்டிகை வாழ்த்து. வாங்க வருகிறவர்களோ "அடுத்த ஆஃபர் எப்போ?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மெத்தை பல வருடத்துக்கு ஒரு தடவை வாங்குகிற பொருள், தேவையே தோன்றாதவருக்குப் பாதி விலை என்று சொன்னாலும் என்ன பயன்?

சரி என்று இன்பாக்ஸில் வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதினேன். முக்கால்வாசி விலையைப் பற்றியே இல்லை. "பழசை எப்போ மாத்தணும்?", "கெட்டியா இருந்தா நல்லதா?", "படுத்துப் பார்த்துப் பிடிக்கலேன்னா?" இந்த மூன்றும் வாங்குகிறவர் ஒவ்வொன்றாகத் தாண்டி வருகிற மூன்று கட்டம் என்பது அப்புறம்தான் உறைத்தது. முதல் கட்டத்துக்கு, பழைய மெத்தைமேல் ஒரு நேரான குச்சியைக் குறுக்கே வைத்து நடுவில் எவ்வளவு குழி என்று அளக்கிற வீடியோ. ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு, ஃபோமின் அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு என்று இரண்டு துண்டுகளை அமுக்கிக் காட்டினேன். கடைசிக் கட்டத்துக்கு, எவ்வளவு குழி விழுந்தால் வாரண்டி செல்லும், பிடிக்காவிட்டால் எப்படித் திருப்பித் தருவது என்று.

சொதப்பியதும் உண்டு. முதல் மாதம் குச்சி வீடியோ மாதிரியே வரிசையாகப் போட்டேன். பார்வை ஏறியது, ஆர்டர் அப்படியே நின்றது. பார்த்தவர் அடுத்து போக ஒன்றுமே இல்லை.

தையல்மெஷின்: தள்ளுபடியை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டும், அதுதான் கெடுக்கிறது. நான் நிறுத்திவிட்டேன்.

பழைய_கை: பாதி சரி. நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். விசாரித்துவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவருக்கு மட்டும், கடைசித் தேதி போட்டு அனுப்புங்கள். பொதுப் பக்கத்தில் ஓயாமல் கிடந்தால் அதுவே உங்கள் அசல் விலை ஆகிவிடும். இன்னொன்று, எல்லாப் பதிவையும் விற்பனையை வைத்து அளக்காதீர்கள். குச்சி வீடியோவை உங்களைப் பின்தொடராதவர் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பாருங்கள். ஃபோம் பதிவுக்கு எத்தனை பேர் சேமித்தார்கள், என்ன கேட்டார்கள் என்பது. வாரண்டி பதிவுக்குத்தான் ஆர்டர் கணக்கு. நான் பார்த்த கடைகளில் நடுக்கட்டம்தான் காலியாகக் கிடக்கும்.

புதுசு_23: அப்போ ஒரு நாளைக்கு மூன்று போஸ்ட் போடணுமா? எனக்கு ஒன்றுக்கே நேரமில்லை, பூஸ்ட் பண்ணினால் போதாதா?

பழைய_கை: மூன்று கட்டம் என்றால் தினம் மூன்று இல்லை. வாரம் ஒன்று போட்டாலும் மாற்றி மாற்றிப் போடலாம். தள்ளுபடியையே பூஸ்ட் செய்தால் அதே பதிவை அதிகம் பேர் தாண்டிப் போவார்கள், அவ்வளவுதான்.

தையல்மெஷின்: ஒரு சந்தேகம். வீடியோ பார்த்தவர் நாலு மாதம் கழித்து வாங்கினால் எதனால் வந்தார் என்று எப்படித் தெரியும்?

மெத்தைக்காரன்: பில் போடும்போது கேட்கிறேன். பாதிப் பேர் "எங்கயோ பார்த்தேன்" என்கிறார்கள். வேறு வழி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.