புதுப்பிப்பு: கேட்காமல் வந்த ஓடிபி

முன்பு இங்கே நான் கேட்டது: "நான் எதுவும் செய்யவில்லை, ஓடிபி வந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் இதோ. கணக்கைத் திறந்துவிட்டார்களா?"

கேட்காமல் ஓடிபி வந்தாலே பாஸ்வேர்டு கண்டிப்பாகப் போய்விட்டது என்று பதிலில் ஒருவர் சொன்னது பாதிதான் சரி. ஓடிபி எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பாருங்கள் என்றார் விவரம் தெரிந்த அக்கா. வேண்டுமென்றே தவறான பாஸ்வேர்டு போட்டேன், ஓடிபி வரவில்லை. சரியானதைப் போட்டதும் ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த அதே வாசகம் வந்தது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' வழியில் வருவதன் வாசகம் வேறு. ஆக, என் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கிறது, ஓடிபிதான் தடுத்திருக்கிறது. உடனே மாற்றினேன், அப்புறம் அதே பாஸ்வேர்டு வைத்திருந்த இன்னொரு கணக்கிலும்.

வாட்ஸ்அப் குறியீடு வந்ததாகச் சொன்ன தம்பிக்கு: அதற்கு உங்கள் எண் மட்டும் போதும். யாரோ எண்ணைத் தவறாக அடித்திருக்கலாம். குறியீட்டை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

எங்கே கசிந்தது என்பதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.