கண்ணாடிச் சட்டப் படங்களில் விளக்குத் தெரிகிறது: என்ன செய்யலாம்?

சாயக்கிண்ணம்: நல்லூரில் ஒரு பழைய வீட்டின் முன்மண்டபத்தைச் சிறிய ஓவியக் காட்சியறையாக மாற்றியிருக்கிறோம். நீளம் 24 அடி, அகலம் 14 அடி, கூரைத்தட்டு 10 அடி. கூரையின் நடுவே ஒரே வரிசையாக ஸ்பொட் விளக்குகள் பூட்டி, இரு பக்கச் சுவர்களுக்கும் திருப்பியிருக்கிறோம். இருப்பவை நீர்வண்ண ஓவியங்கள். எல்லாவற்றுக்கும் கண்ணாடிச் சட்டம், 70 செ.மீ. உயரம். படத்தின் நடு, தரையிலிருந்து 175 செ.மீ. உயரத்தில் வருகிறது. நின்று பார்த்தால் மேல்பாதியில் விளக்கின் பளிச்சென்ற வட்டம் தெரிகிறது. எதிரே யன்னல் உள்ள சுவரில் படங்களே இல்லை. ஆனால் அந்த யன்னல் முழுதாக இந்தப் பக்கப் படங்களில் தெரிகிறது. வருபவர்கள் வாசலருகே முதல் படத்திலேயே கூடி நின்றுவிடுகிறார்கள். திறப்புவிழா நெருங்கிவிட்டது.

மாவிட்டபுரம்: மஞ்சள் வெளிச்சம் போடுங்கள், அழகாக இருக்கும். எங்கள் வீட்டு வரவேற்பறையில் அப்பாவின் படத்துக்கு அப்படித்தான் போட்டோம். மாலை போடவும் வசதியாகக் கதவு நிலைக்கு மேலே மாட்டினோம்.

விறாந்தை: வீட்டுப் படம் வேறு, இது வேறு அண்ணா. சாயக்கிண்ணம், படத்தின் மேல்விளிம்பைச் சற்று முன்னால் சாய்த்து மாட்டுங்கள், விளக்கு மறைந்துவிடும். வேறு எதையும் தொட வேண்டாம்.

ஒளிக்கோணம்: சாய்ப்பதில் ஓரளவு பலன் உண்டு. ஆனால் நிறையச் சாய்த்தால் படம் சுவரிலிருந்து விழுவதுபோல் தோன்றும், வெளிச்சம் பட்ட தரையும் கண்ணாடியில் ஏறும். முதலில் எது தெரிகிறது என்று கண்டுபிடியுங்கள். படத்தைக் கழற்றி அதே இடத்தில் ஒரு முகக்கண்ணாடியைத் தட்டையாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பார்வையாளர் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். அதில் எது தெரிகிறதோ அதுவே குற்றவாளி. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தால் எந்த விளக்கு என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தேன். விளக்கு சுவரிலிருந்து 213 செ.மீ. தள்ளி இருக்கிறது. கண் 155 செ.மீ. உயரத்தில் உள்ள ஒருவர் 1 மீற்றர் தள்ளி நின்றால், விளக்கின் பிம்பம் சுவரில் சுமார் 203 செ.மீ. உயரத்தில் விழும். உங்கள் படத்தின் மேல்விளிம்போ 210. அதனால்தான் தலைப்பகுதியில் வட்டம். படத்தின் நடுவை 150 செ.மீ.க்கு இறக்குங்கள். மேல்விளிம்பு 185 ஆகிவிடும். மிக நெருங்கினால் ஒழிய வட்டம் தெரியாது. பெரும்பாலான காட்சியறைகள் நடுவை 145 முதல் 152 வரை வைப்பதும் பார்வை மட்டத்துக்காகவே.

இரண்டாவது, விளக்கைச் சுவருக்கு அருகே கொண்டுவாருங்கள். நேர்கீழ்க்கோட்டிலிருந்து 30 பாகை சாய்வு நல்லது. கூரைக்கும் படத்தின் நடுவுக்கும் உள்ள இடைவெளி 155 செ.மீ.; அதன் 0.58 பங்கு, அதாவது சுமார் 90 செ.மீ., சுவரிலிருந்து. இன்னும் நெருக்கினால் சட்டத்தின் நிழல் படத்தின்மேல் விழும், சுவர்ப் பூச்சின் மேடுபள்ளமும் துருத்தித் தெரியும். நீர்வண்ணம் வெளிச்சத்தில் மங்கும். 50 லக்ஸ் அளவு போதும்.

கோண்டாவில்_தச்சன்: பழைய சுண்ணாம்புச் சுவரில் திரும்பத் திரும்ப ஆணி அடிக்காதீர்கள், பூச்சு உதிரும். சுவரின் மேலே நீளமாக ஒரு பலகைச் சட்டத்தை ஒரே தடவை பொருத்தி, அதிலிருந்து கம்பியில் தொங்கவிடுங்கள். பிறகு உயரத்தை எப்போதும் மாற்றலாம். படத்தின் பின்கம்பியை இழுத்து, மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, மேல்விளிம்பின் உயரமான 185இலிருந்து கழியுங்கள். 6 செ.மீ. இறங்கினால் கொக்கி 179 செ.மீ.யில் வர வேண்டும்.

விறாந்தை: யன்னலை மூடிவிட்டால் முடிந்தது.

சாயக்கிண்ணம்: அந்த வெயிலில் மூடிய மண்டபத்துக்குள் யாரும் நிற்க மாட்டார்கள்.

ஒளிக்கோணம்: யன்னலுக்கு முன்னால், மூன்றடி தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலான பலகைத் திரை ஒன்றை நிறுத்துங்கள். காற்று பக்கங்களால் வரும். படங்களை நோக்கிய பக்கத்துக்குப் பளபளப்பில்லாத கருஞ்சாம்பல் பூசுங்கள், அதன்மேல் விளக்கும் விழக்கூடாது. வெள்ளையாக இருந்தால் திரையே கண்ணாடியில் தெரியும். அதிலும் படம் மாட்ட ஆசை வரும், மாட்டாதீர்கள். இரு பக்கமும் ஆட்கள் முதுகோடு முதுகாக நின்றால் நடுவே நடக்கும் வழி நெருக்கமாகிவிடும். ஒருவர் 1 மீற்றர் தள்ளி நின்று பார்க்க, அவருக்குப் பின்னால் இன்னொருவர் நடக்க 90 செ.மீ. வேண்டும்.

வாசல் நெரிசலுக்கு: கையெழுத்துப் புத்தக மேசையை உள்ளே தள்ளி வையுங்கள். முதல் படத்தை வாசலிலிருந்து ஏழெட்டு அடி தள்ளித் தொடங்குங்கள். தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும் பெரிய படத்தைக் கடைசிச் சுவரில் வைத்தால் ஆட்கள் தாமாக உள்ளே போவார்கள்.

சாயக்கிண்ணம்: மூன்று படங்களை 150க்கு இறக்கிப் பார்த்தோம், வட்டம் போய்விட்டது. விளக்கு வரிசையை மாற்ற வயரிங் செய்பவர் வருகிறார். திரையைப் பற்றி ஒரு சந்தேகம்: யன்னல் மேற்கு முகம். மாலை 4 மணிக்குப் பிறகு வெயில் திரையின் ஓரத்தால் நேரே தரையில் விழுகிறது. அந்தத் தரை வெளிச்சமும் படத்தில் தெரியுமா?

ஒளிக்கோணம்: படம் சுவரோடு ஒட்டி நிமிர்ந்திருந்தால் பெரும்பாலும் தெரியாது. ஆனால் சிவப்புச் சீமெந்துத் தரை என்றால் மண்டபம் முழுவதும் செந்நிறம் ஏறும். நீர்வண்ணத்தின் நீலங்கள் மாறித் தெரியலாம். தரை எப்படிப்பட்டது?