கலைச்சொல்: எக்ஸ்டெண்டட் ரிலீஸ் மாத்திரை (வெள்ளிக்குள் வேண்டும்)

மீனா
குழுவினருக்கு வணக்கம். ஒரு புது இரத்த அழுத்த மாத்திரையோடு வைக்கும் நோயாளர் தகவல் தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் முடிந்தது, தலைப்பிலேயே முட்டி நிற்கிறேன். எனக்குத் தந்த சொற்பட்டியலில் 'நீட்டிக்கப்பட்ட வெளியீட்டு மாத்திரை' என்று இருக்கிறது. நாலைந்து பேரிடம் வாசித்துக் காட்டினேன். ஒருவர் "காலாவதித் தேதியை நீட்டித்திருக்கிறார்களா?" என்றார். இன்னொருவர் இப்போதுதான் சந்தைக்கு வெளியிட்ட மாத்திரை என்று நினைத்தார்.

விஷயம் இதுதான். இதே மருந்தின் சாதா மாத்திரை 20 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. புதியது 60 மி.கி., நாளுக்கு ஒன்றே ஒன்று, மருந்தைச் சிறுகச் சிறுக நாள் முழுதும் வெளியே விடும். பொடித்துப் போட்டால் மூன்று வேளை மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். முதலில் அழுத்தம் சரிந்து தலைசுற்றி விழுவார், பிறகு மருந்து சீக்கிரமே தீர்ந்து அழுத்தம் மறுபடி ஏறும். 'உடைக்கக் கூடாத மாத்திரை' என்று பெயரைப் பார்த்ததுமே தோன்ற வேண்டும். என்ன சொல்லலாம்?

இளங்கோ
அம்மா, சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மாத்திரை என்றாலே நேர அளவுதானே? கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியர் அளந்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஓசையை நீட்டினால் அளபெடை. நீண்டு ஒலிப்பது அளபெடை என்றால் நீண்டு வேலை செய்வது 'அளபெடை மாத்திரை'. அது கனமாக இருந்தால் 'நெடில் மாத்திரை'.

ரஹீம்
ஐயா, ரசித்தேன். ஆனால் நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளியில் படித்தவர் இரண்டாகப் போட்டுவிடுவார்!

செல்வம்
மாத்திரையே வடசொல். அதற்கு அடைமொழி தேடுவது எதற்கு? வில்லை என்ற நல்ல தமிழ் இருக்கும்போது 'நெடுவிடு வில்லை' என்று வினைத்தொகையாக அமைக்கலாம். விட்ட, விடுகின்ற, விடும் என முக்காலத்தையும் தாங்கும். முதலில் கடினமாகத் தெரியும், பழகிவிடும்.

மீனா
செல்வம் ஐயா, பழகும்வரை நோயாளி உயிரோடு இருக்க வேண்டுமே. மாத்திரையை இந்தத் தாளில் மாற்றப்போவதில்லை.

ரஹீம்
சொல்லைத் தேடுமுன் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். இந்த வகையில் மருந்தை ஒரு பசைப்பொருளோடு கலந்து அழுத்தியிருப்பார்கள். வயிற்றில் நீர் பட்டதும் வெளிப்புறம் உப்பிக் கூழாகிறது. உள்ளே நீர் போகப் போக, மருந்து அந்தக் கூழ் வழியாக ஊறி வெளியே வரும். பொடித்தால் எல்லாப் பக்கமும் நீர் பட்டுவிடும், அந்தத் தடை இருக்காது. ஆகவே சரியான வினை 'கசி'. கசிமாத்திரை. செல்வம் கேட்ட வினைத்தொகையும் ஆயிற்று.

'தாமத' என்று யாராவது தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன், அது வேறு. வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போனபின் கரையும் பூச்சுள்ள மாத்திரைக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம்.

இளங்கோ
கசி அருமை. 'காதலாகிக் கசிந்து' என்றார் சம்பந்தர். உள்ளம் சிறுகச் சிறுக இளகி வெளிவருவது. கசடு, கசப்பு, கஷாயம் இவற்றோடு கசிவுக்கு உறவு உண்டா என்று நெடுநாளாக யோசிக்கிறேன்...

மீனா
ஐயா, அதைத் தனி இழையில் பேசலாமே. கசிமாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். "கசிந்துபோன மாத்திரையை ஏன் விற்கிறார்கள்?" என்றார். அவர் மேல் தப்பில்லை. சேமிப்புப் பகுதியில் 'ஈரம் கசிந்த மாத்திரைகளைப் பயன்படுத்த வேண்டாம்' என்று நானே எழுதியிருக்கிறேன்.

பாலா
நல்ல விவாதம். என் மாத்திரை அட்டையிலும் எக்ஸ்டெண்டட் ரிலீஸ் என்பதைச் சுருக்கி இஆர் என்று போட்டிருக்கிறது, ஆனால் நடுவில் கோடு இருக்கிறது. பாதியாக உடைத்துத்தான் போடுகிறேன். அப்போது இதற்கும் பாதி உடைக்கலாம் என்று எழுதிவிடலாமே?

ரஹீம்
பாலா, கூடாது. சில நெடுநேர வகைகளைக் கோட்டோடு பாதியாக்கலாம் என்பது உண்மை. மெட்டோப்ரோலால் சக்சினேட் ஒன்று. அதில் மருந்து சின்னச் சின்ன மணிகளாக இருக்கிறது, ஒவ்வொரு மணிக்கும் தனிப் பூச்சு. பாதியாக்கினாலும் மணிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதையும் பொடிக்கவோ கடிக்கவோ கூடாது. மீனாவின் மாத்திரை அந்த வகையல்ல. உங்களுடையது எந்த வகை என்று அதன் தகவல் தாளிலும் மருந்தாளரிடமும் கேளுங்கள், கோட்டை மட்டும் நம்பாதீர்கள்.

கோமதி
எல்லோரும் பெயரில் நிற்கிறீர்கள். நேராகச் சொல்லிவிடலாமே: 'மெல்ல மருந்து தரும் மாத்திரை'.

இளங்கோ
அம்மா கோமதி, மெல்ல என்றால் மெதுவாக. மெல்ல என்றால் பல்லால் அரைக்க என்றும் பொருள். 'மெல்ல மருந்து தரும்' என்றால், மென்றால் மருந்து தரும்!

மீனா
ஐயோ. என் வரைவில் மூன்றாம் வரி 'மாத்திரையை மெல்லக் கூடாது'. அதைச் சடுதியில் வாசிப்பவர் 'மெதுவாக விழுங்கக் கூடாது' என்று எடுத்துக்கொள்வாரோ? அதை 'பல்லால் கடிக்காதீர்கள்' என்று மாற்றிவிட்டேன். இந்த ஒன்றுக்காகவே குழுவுக்கு நன்றி.

கோமதி
சரி, 'மெதுவாகக் கரையும் மாத்திரை'?

ரஹீம்
அதில் இரண்டு சிக்கல். ஒன்று, வாயில் அடக்கிக் கரைய விடுவார்கள். இரண்டு, சில மாத்திரைகளின் கூடு கரையாமல் மலத்தில் வரும். மருந்து முழுக்க இறங்கியிருக்கும், வருவது வெறும் சக்கை. 'கரையும்' என்று நாமே எழுதிவிட்டால், அதைப் பார்த்தவர் கரையவில்லை என்று பயந்து இன்னொன்று போடுவார். பெயர் எதுவானாலும் இதற்கென்று தனி வாக்கியம் வேண்டும்.

கோமதி
அப்படியானால் 'நாள் முழுதும் வேலை செய்யும் மாத்திரை'.

ரஹீம்
இந்த மருந்துக்குச் சரி. 12 மணி நேரத்துக்கு ஒன்றாகப் போடும் வகையும் இருக்கிறதே, அங்கே இடிக்கும். 'நெடுநேர மாத்திரை' என்றால் இரண்டுக்கும் பொருந்தும். மேலே நான் யோசிக்காமலே எழுதிய சொல்தான்.

மீனா
நெடுநேர மாத்திரையைக் காட்டினேன். பெரும்பாலோர் 'ரொம்ப நேரம் தாங்கும்' என்று சரியாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் 'வேலை செய்யவே நேரமாகும்' என்றார். அவருக்காக அடுத்த வரியிலேயே விளக்கம் வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகும் வடிவம்:

> இது நெடுநேர மாத்திரை. ஒரு நாளுக்குரிய மருந்து முழுவதும் இதற்குள் இருக்கிறது. அது சிறுகச் சிறுக வெளியே வரும். தண்ணீரோடு முழுதாக விழுங்குங்கள். உடைக்காதீர்கள், பொடிக்காதீர்கள், பல்லால் கடிக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒரு நாள் மருந்தும் ஒரேயடியாக உடலில் இறங்கி, தலைசுற்றல், மயக்கம் வரலாம். விழுங்கச் சிரமமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
>
> மலத்தில் மாத்திரை போன்ற கூடு தெரியலாம். மருந்து ஏற்கெனவே உடலில் சேர்ந்திருக்கும். இன்னொன்று போட வேண்டாம்.
>
> மறந்துவிட்டால், அதே நாளில் நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால், விட்டதை விட்டுவிட்டு அன்றைய ஒரு மாத்திரையை மட்டும் வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போடாதீர்கள்.

ரஹீம்
நன்று. 'உடைக்காதீர்கள்' மட்டும் தடித்த எழுத்தில் இருக்கட்டும். அட்டையிலிருந்து பிரித்தெடுப்பதைச் சிலர் 'மாத்திரையை உடைத்து' என்பார்கள், அதனால் 'இரண்டாக உடைக்காதீர்கள்' என்று போடுங்கள்.

கோமதி
அப்படிப் போட்டால் நாலாக உடைக்கலாமா என்று கேட்பார்கள்.

மீனா
'மாத்திரையைத் துண்டாக்காதீர்கள்' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

செல்வம்
என் மறுப்பைப் பதிவு செய்யவும். நெடுநேரம் என்பது பேச்சு, கலைச்சொல் அல்ல. இதிலிருந்து பெயரெச்சம், தொழிற்பெயர் எதுவும் கிளைக்காது. நாளைக்கு இதே வகையில் கூட்டில் அடைத்த குளிகை வரும், ஊசி வரும், ஒட்டும் பட்டை வரும். அப்போது என்ன செய்வீர்கள்? நெடுநேர ஊசி என்றால் ஊசியை நெடுநேரம் குத்தி வைத்திருப்பார்கள் என்று ஊரே ஓடும்.

இளங்கோ
செல்வம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊசிக்கு 'அளபெடை ஊசி' என்றால்...